மறைந்தவர் விட்டுச்சென்ற ரிட்டர்ன்கள்

ஒருவர் இறந்துபோனால் அவருடைய வருமான வரிக் கணக்கும் அன்றோடு முடிந்துவிடும் என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 159ஆம் பிரிவு, இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் எந்த வரியைக் கட்ட வேண்டியிருந்திருக்குமோ அதை அவருடைய சட்டப் பிரதிநிதி கட்ட வேண்டும் என்கிறது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பிரதிநிதி மனைவிதான். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்குக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

அதே பிரிவு ஓர் எல்லையும் போடுகிறது. பிரதிநிதியின் பொறுப்பு இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு நின்றுவிடும். கணவரின் வரிப் பாக்கி 5 லட்சம், அவர் விட்டுச்சென்றது 3 லட்சம் என்றால், மீதி 2 லட்சத்துக்காக மனைவியின் சம்பளத்திலோ அவர் பிறந்த வீட்டு நகையிலோ துறை கைவைக்க முடியாது. ஆனால் பாக்கி இருக்கும்போதே கணவரின் மனையை விற்றோ, பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்தோ விட்டால், அந்தச் சொத்தின் மதிப்பு வரைக்கும் மனைவி சொந்தப் பொறுப்பாளி ஆகிவிடுவார். பாகம் பிரிப்பதற்கு முன்பே வரிக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். ரிட்டர்ன் தாக்கல் செய்யாததற்காகக் கணவர் மீது போட்டிருக்கக்கூடிய குற்ற வழக்கு மட்டும் அவரோடு போய்விடும். அது வாரிசுக்கு வராது.

இது நடைமுறையில் எப்படி நடக்கிறது என்பதை ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். குடும்பம் கற்பனை, விதிகளும் தேதிகளும் விகிதங்களும் உண்மை. கணவர் ஈரோட்டில் கட்டுமானப் பொறியாளர். வீட்டு வரைபடம் போடுவது, கட்டடத்தை மேற்பார்ப்பது, சில கட்டுமான நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வது என்று சொந்தமாகத் தொழில் செய்தவர். 2024 நவம்பரில், 57 வயதில் காலமானார். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், கணவரின் தாயார் ஆகியோர் இருக்கிறார்கள். எட்டு மாதம் கழித்து, இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றைத் தேடி மேசை அறையைத் திறந்தபோதுதான் மனைவிக்கு விஷயம் தெரிகிறது.

அங்கே இருந்தது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஆண்டுவாரியாக ரப்பர் பேண்டு போட்ட கட்டுகள். 2020-21 வரைக்கும் ஒவ்வொரு கட்டின் மேலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ததற்கான ஒப்புகைத் தாள் இருக்கிறது. அதற்குப் பிந்தைய மூன்று கட்டுகளில் அது இல்லை. நிறுவனங்கள் கொடுத்த டிடிஎஸ் சான்றிதழ்கள், எல்ஐசி ரசீதுகள், வங்கி வட்டிச் சான்றுகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. தாக்கல் செய்த தாள் மட்டும் இல்லை. பழைய ஆடிட்டர் தொழிலை விட்டுப்போன ஆண்டு அது. அடுத்த ஆண்டு சிறுநீரகக் கோளாறு தொடங்கியது. ஒரு வருடம் தவறியவர்கள் அடுத்த வருடமும் தவறுவது இப்படித்தான்: பழையதைச் சரி செய்யாமல் புதியதைத் தொட மனம் வருவதில்லை. வேண்டுமென்றே வரியை ஏய்ப்பவர்களைவிட இந்த வகைக்காரர்கள்தான் அதிகம் என்று ஆடிட்டர்கள் சொல்வதை நம்பலாம்.

முதலில் எழும் ஆசை ஆபத்தானது. கணவரின் கைப்பேசி வீட்டில்தான் இருக்கிறது, சிம் இன்னும் வேலை செய்கிறது, கடவுச்சொல் டைரியில் எழுதியிருக்கிறது. அவருடைய கணக்கிலேயே நுழைந்து, ஓடிபி வாங்கி, மூன்று ரிட்டர்னையும் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்தவர்கள் சிலர் இதைத்தான் யோசனையாகவும் சொல்வார்கள். ஆனால் ரிட்டர்னின் கடைசியில் ‘இதில் உள்ளவை என் அறிவுக்கு எட்டியவரை உண்மை’ என்று ஓர் உறுதிமொழி இருக்கிறது. 2024 நவம்பரில் இறந்தவர் 2025 ஆகஸ்டில் அந்த உறுதிமொழியைத் தந்ததாக ஆகிவிடும். அது கையெழுத்தைப் போலியாகப் போடுவதற்குச் சமம். பின்னால் ரீஃபண்ட் வரும்போதோ, துறை ஒரு விளக்கம் கேட்கும்போதோ இறப்புத் தேதி வெளிப்பட்டால், செல்லாத ரிட்டர்ன் என்று மொத்தமும் கவிழும். அமைதியாகச் செய்வது வேறு, மறைத்துச் செய்வது வேறு. சட்டம் முதலாவதற்கு நல்ல வழியே வைத்திருக்கிறது.

அந்த வழிக்கு முதல் படி, பிரதிநிதியாகப் பதிவு செய்துகொள்வது. வருமான வரித் துறையின் இணையதளத்தில் மனைவி தன் சொந்த பான் எண்ணில் நுழைய வேண்டும். அங்கே `Authorised Partners` என்ற தலைப்பின் கீழ் `Register as Representative Assessee` என்று இருக்கும். வகை கேட்கும்போது `Deceased (Legal Heir)` என்பதைத் தேர்ந்தெடுத்து, கணவரின் பான், இறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்து, ஆவணங்களை ஏற்ற வேண்டும். கணவரின் பான் அட்டை, இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆதாரம் ஆகிய மூன்றும்தான் முக்கியம்.

மூன்றாவதுதான் நாள் பிடிக்கும். தமிழ்நாட்டில் வாரிசு சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணைக்குப் பிறகு தாசில்தாரிடமிருந்து பெற வேண்டும். அதற்காகக் காத்திருக்க முடியாதவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. பதிவு செய்யப்பட்ட உயில், அரசு வழங்கிய குடும்ப ஓய்வூதியச் சான்று, இறந்தவரின் கணக்கில் நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரர் யார் என்று வங்கி தன் முத்திரைத் தாளில் கையெழுத்திட்டுத் தரும் கடிதம் ஆகியவற்றையும் துறை ஏற்கிறது. வங்கிக் கடிதம் பலருக்கும் தெரியாத வழி. பெரும்பாலும் அதுதான் சீக்கிரம் கைக்கு வரும்.

விண்ணப்பம் திரும்பி வருகிறது என்றால், நம் ஊரில் அதற்குப் பெயர்தான் பெரும்பாலும் காரணம். பான் அட்டையில் தந்தை பெயர் முழுதாக விரிந்திருக்கும், இறப்புச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், வாரிசு சான்றிதழில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். மூன்று தாளும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று வீட்டுக்குத் தெரியும். திரையில் பார்க்கும் அலுவலருக்குத் தெரியாது. எழுத்து வேறுபாடு பெரிதாக இருந்தால், இறப்புச் சான்றிதழை நகராட்சியிலோ பேரூராட்சியிலோ திருத்தி வாங்கிவிட்டு விண்ணப்பிப்பது இரட்டை அலைச்சலைத் தவிர்க்கும்.

ஒப்புதல் கிடைத்த பிறகு, மனைவி தன் கணக்கிலிருந்தே கணவரின் கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். ரிட்டர்ன் கணவரின் பான் எண்ணில்தான் போகும். ஆனால் அதை உறுதி செய்பவர் சட்டப் பிரதிநிதியாக மனைவி. ஓடிபி அவருடைய ஆதாருக்கு வரும், கையெழுத்து அவருடையது.

அடுத்தது, எவ்வளவு வருமானம் என்று கண்டுபிடிப்பது. கணவர் நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதிவைக்கவில்லை. இருந்தாலும் இரண்டு அறிக்கைகள் துறையிடமே இருக்கின்றன. 26ஏஎஸ் படிவம், யார் யார் எவ்வளவு பணம் கொடுத்து எவ்வளவு டிடிஎஸ் பிடித்தார்கள் என்று காட்டும். ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை இன்னும் விரிவானது. வங்கி வட்டி, பங்கு ஈவுத்தொகை, பெரிய பணப் பரிமாற்றம், சொத்து வாங்கியது, விற்றது எல்லாம் அதில் வரும். ஆனால் வீடு கட்டிய தனி நபர்கள் கொடுத்த கட்டணம் இரண்டிலும் பெரும்பாலும் இருக்காது. அவர்கள் டிடிஎஸ் பிடிப்பதில்லை. அதை வங்கிப் பாஸ்புக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆகவே மூன்று ஆண்டுகளின் ஒவ்வொரு வரவையும் மனைவி பார்க்கிறார். எது கட்டணம், எது மைத்துனர் திருப்பிக் கொடுத்த கைமாற்று, எது வைப்பு நிதி முதிர்ந்து வந்தது என்று பென்சிலால் குறிக்கிறார். இந்த வேலையை எந்த ஆடிட்டரும் அவருக்காகச் செய்ய முடியாது. அந்தப் பெயர்களில் பாதியை அடையாளம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

செலவுக் கணக்கு இல்லையே என்ற கவலைக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் போன்ற சில தொழில்காரர்களுக்கு 44ஏடிஏ என்ற பிரிவு உண்டு. ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். செலவுக்கு பில் வைக்க வேண்டாம், கணக்குப் புத்தகமும் வேண்டாம். உண்மையில் பாதிக்கு மேல் மிஞ்சியிருந்தால் கூடுதலாகக் காட்ட வேண்டும் என்பது அதன் மறுபக்கம். மேசையில் வெறும் ரசீதுகளை மட்டும் விட்டுப்போன ஒருவருடைய கணக்கை முடிக்க இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை.

இனி மூன்று ஆண்டுகளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இங்கேதான் விஷயம் பிரிகிறது. தாக்கல் செய்யாத ரிட்டர்ன்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. அரசு நமக்குப் பணம் தர வேண்டிய ஆண்டு ஒரு வகை, நாம் அரசுக்குத் தர வேண்டிய ஆண்டு இன்னொரு வகை. இரண்டுக்கும் கதவு வேறு வேறு.

2021-22 நிதியாண்டில் கணவருக்கு வந்த கட்டணம் 14 லட்சம். எல்லாமே நிறுவனங்களிடமிருந்து வந்தது, எல்லாவற்றிலும் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள்: 1,40,000 ரூபாய். பாதி வருமானம் 7 லட்சம், வங்கி வட்டி 40,000. எல்ஐசி, வருங்கால வைப்பு நிதி ஆகியவற்றுக்கான கழிவு 1,50,000. மிஞ்சுவது 5,90,000. அந்த ஆண்டின் விகிதத்தில் வரி, கூடுதல் வரியான செஸ்ஸோடு சேர்த்து 31,720 ரூபாய். ஏற்கெனவே பிடித்தது 1,40,000. ஆக 1,08,280 ரூபாய் அரசிடம் கூடுதலாக இருக்கிறது.

2022-23 நேர்மாறு. நிறுவன வேலைகள் குறைந்து, தனி வீட்டுக்காரர்கள் அதிகமான ஆண்டு. வரவு 19 லட்சம், அதில் டிடிஎஸ் பிடித்த கட்டணம் 1,08,000 மட்டுமே. பாதி வருமானம் 9,50,000, வட்டி 50,000, கழிவு 1,50,000, மிஞ்சுவது 8,50,000. வரி 85,800. நிறுவனமும் வங்கியும் பிடித்தது சேர்த்து 15,800. கட்டாமல் விட்டது சரியாக 70,000.

2023-24இல் உடல்நிலை மோசமாகி, வரவு 8 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. பாதி வருமானமும் வட்டியும் சேர்ந்து 4,60,000. அந்த ஆண்டு முதல் புதிய வரி முறை தானாகவே பொருந்தும். அதில் 7 லட்சம் வரைக்கும் தள்ளுபடி இருந்ததால் வரி இல்லை. பிடித்த டிடிஎஸ் 20,000 திரும்பி வர வேண்டும்.

முதல் ஆண்டு ரீஃபண்டில் இரண்டாம் ஆண்டு பாக்கியைக் கழித்துக்கொள்ளலாமே என்று யாருக்கும் தோன்றும். முடியாது. வருமான வரியில் ஒவ்வோர் ஆண்டும் தனிக் கணக்கு. ரீஃபண்ட் உறுதியான பிறகு துறை தன் பக்கத்திலிருந்து பாக்கியோடு சரிக்கட்டலாம். ஆனால் குடும்பம் அதை எதிர்பார்த்துக்கொண்டு பாக்கியைத் தள்ளிப்போட முடியாது. பாக்கிக்கு வட்டி மாதாமாதம் ஏறும். தாமதமாகக் கேட்ட ரீஃபண்டுக்கு வட்டி ஒரு பைசா கிடையாது. கணக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

பாக்கி இருக்கும் ஆண்டுக்கு ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் கொண்டுவந்த வசதி இது. முதலில் இரண்டு ஆண்டு கெடு இருந்தது. 2025இல் அது நான்கு ஆண்டாக நீண்டது. நோட்டீஸ் எதுவும் வரத் தேவையில்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஏன் தாமதம் என்று கதை சொல்லவும் வேண்டாம். காரணங்களின் பட்டியலில் ‘முன்பு தாக்கல் செய்யவில்லை’ என்பதைக் குறித்தால் போதும். அதற்கான விலை, வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் ஒரு கூடுதல் சதவீதம். இந்தக் கெடு மதிப்பீட்டு ஆண்டின் முடிவிலிருந்து எண்ணப்படும். மதிப்பீட்டு ஆண்டு என்பது சம்பாதித்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு: 2022-23இல் சம்பாதித்ததற்கு 2023-24. அது முடிந்தது 2024 மார்ச் 31. அதிலிருந்து 12 மாதத்துக்குள் என்றால் கூடுதல் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36 மாதத்துக்குள் 60, 48 மாதத்துக்குள் 70.

மனைவி 2025 ஆகஸ்டில் தாக்கல் செய்கிறார். தாமதமாகத் தாக்கல் செய்ததற்கான வட்டி மாதம் 1 சதவீதம், 2023 ஆகஸ்டிலிருந்து 25 மாதம்: 17,500. முன்வரி கட்டாததற்கான வட்டி, அதுவும் மாதம் 1 சதவீதம், 2023 ஏப்ரலிலிருந்து 29 மாதம்: 20,300. முன்வரித் தவணை தவறியதற்கு 700. வரியோடு கூட்டினால் 1,08,500. அதில் பாதி, அதாவது 54,250, கூடுதல் வரி. தாமதக் கட்டணம் 5,000. மொத்தம் 1,67,750 ரூபாய். 70,000 ரூபாய் பாக்கி இரண்டே ஆண்டில் இப்படி வளர்ந்திருக்கிறது. 2026 மார்ச் 31ஐத் தாண்டியிருந்தால் 50 சதவீதம் 60 ஆகியிருக்கும்.

பணம் கட்டும் சலானில் இரண்டு இடத்தில் கை தவறும். பான் எண் கணவருடையதாக இருக்க வேண்டும். மனைவி தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் பழக்கத்தில் தன்னுடையதையே போட்டுவிடுவார். மதிப்பீட்டு ஆண்டு 2023-24 என்று இருக்க வேண்டும். சம்பாதித்த ஆண்டான 2022-23ஐப் போட்டால் பணம் வேறோர் ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், ரிட்டர்னோ வரி கட்டாததாகத் தெரியும். இதைத் திருத்தலாம், ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இத்தனை கட்டுவதற்குப் பதில் பேசாமல் இருந்துவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. ஐடிஆர்-யு கட்டாயமில்லை என்பதும் உண்மை. ஆனால் 50 லட்சத்துக்குக் குறைவான வருமானம் விடுபட்ட ஆண்டுகளைக்கூட, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 ஆண்டு 3 மாதம் வரை துறை மறுபடி திறக்கலாம். இந்த ஆண்டுக்கு அது 2027 ஜூன் வரை. அப்படித் திறந்தால், விடுபட்ட வரிக்கு வட்டி மட்டுமல்ல, வரியில் பாதி முதல் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்கப்படலாம். 2025இல் இருந்த விதிப்படி, மறுமதிப்பீடு தொடங்கிவிட்ட ஆண்டுக்கு ஐடிஆர்-யு கதவும் மூடிக்கொள்ளும். வங்கி ஏற்கெனவே வட்டியையும் டிடிஎஸ்ஸையும் கணவரின் பான் எண்ணில் துறைக்குத் தெரிவித்துவிட்டது. ரிட்டர்ன் வராத பான் என்று கணினியில் அது தெரிந்துகொண்டே இருக்கும்.

ரீஃபண்ட் இருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஐடிஆர்-யு உதவாது. வரி குறைவதாகவோ ரீஃபண்ட் வருவதாகவோ இருந்தால் அதைத் தாக்கல் செய்யவே முடியாது. அதற்குரிய வழி, 119(2)(பி) பிரிவின் கீழ் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளும்படி விண்ணப்பிப்பது. 2024 அக்டோபர் 1 தேதியிட்ட மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் விண்ணப்பிக்கலாம். 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் நிலையிலேயே முடிவு செய்வார்கள். முதல் ஆண்டுக்கு மனைவிக்கு 2028 மார்ச் வரை நேரம் இருக்கிறது. அவசரம் பாக்கிக்குத்தான், ரீஃபண்டுக்கு இல்லை. எதை முதலில் செய்வது என்பதை இதுவே தீர்மானித்துவிடுகிறது.

இந்த விண்ணப்பத்தில்தான் கதை சொல்ல வேண்டியிருக்கிறது. கோரிக்கை உண்மையானதா, தாக்கல் செய்ய முடியாதபடி உண்மையான இடர்ப்பாடு இருந்ததா என்று ஆணையர் பார்ப்பார். மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாள்கள், டயாலிசிஸ் தேதிகள், இறப்புச் சான்றிதழ் ஆகியவை இங்கே பேசும். நோய் தொடங்கிய தேதி முக்கியம். 2021-22க்கான ரிட்டர்ன் 2022 ஜூலையில் போயிருக்க வேண்டும். நோய் கண்டுபிடித்தது 2023இல் என்றால், அந்த ஆண்டுக்கு நோயைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. பழைய ஆடிட்டர் விலகியது, காகிதங்கள் கைமாறியது, அதைச் சரி செய்வதற்குள் நோய் வந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதுவதே நல்லது. தேதிகள் ஒத்துப்போகாத விண்ணப்பம் சிறிய தொகைக்காகக்கூட நிராகரிக்கப்படலாம். ஒப்புதல் ஆணை வந்த பிறகுதான், அதன் எண்ணைக் குறிப்பிட்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய முடியும்.

நான்காவதாக ஒரு ரிட்டர்னும் உண்டு. பலரும் மறப்பது அதைத்தான். இறந்த ஆண்டின் ரிட்டர்ன். 2024 ஏப்ரல் 1 முதல் இறந்த நாள் வரை கணவருக்கு வந்தது அவருடைய பான் எண்ணில் போக வேண்டும். அதற்கு மறுநாள் முதல் அந்த வைப்பு நிதியில் விளையும் வட்டி வாரிசுகளின் வருமானம். வங்கிக்கு இறப்பைத் தெரிவிக்காவிட்டால் ஆண்டு முழுவதுக்குமான வட்டியும் கணவரின் பெயரிலேயே பதிவாகி, இரண்டு பக்கமும் கணக்கு உதைக்கும். அந்த ஆண்டுக்கான கெடு முதலில் செப்டம்பர் 15 வரையும், பிறகு ஒரு நாள் கூட்டி 2025 செப்டம்பர் 16 வரையும் நீட்டிக்கப்பட்டிருந்ததால், மனைவி அதைக் கட்டணம் இல்லாமல், வழக்கமான ரிட்டர்னாகவே போட்டுவிட முடிந்தது.

இவ்வளவையும் ஊரைக் கூட்டாமல் செய்துவிடலாம். ஆனால் வீட்டுக்குள்ளும் சொல்லாமல் செய்ய முடியுமா என்றால், முழுக்க முடியாது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், தாயார் ஆகியோருக்குச் சம பங்கு. இந்தக் குடும்பத்தில் அது மூன்று பங்கு. வாரிசு சான்றிதழில் மாமியாரின் பெயரும் இருக்கும். நாமினியாக மனைவி பெயர் மட்டும் இருக்கிறது என்பதால் வைப்பு நிதி அவருக்கே சொந்தம் ஆகிவிடாது. நாமினி பணத்தை வாங்கி உரியவர்களுக்குச் சேர்க்க வேண்டியவர் என்றுதான் உச்ச நீதிமன்றம் 1984இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் சொன்னது. ஆகவே கட்டிய 1,67,750 கணவரின் சொத்திலிருந்து முதலில் கழிய வேண்டியது, வரும் 1,28,280 மூவருக்கும் பொது. மனைவி தன் கையிலிருந்து கட்டியிருந்தால் அதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் மனையைப் பிரிக்கும்போது அந்தக் காகிதம் இல்லாமல் அந்தப் பணத்தைக் கேட்பது கடினம். மாமியாரிடம் மகனின் குறையைச் சொல்ல மனம் வராமல் தானே சுமந்துகொள்கிற பெண்கள் உண்டு. அது அவர்களுடைய உரிமை; ஆனால் கணக்கு எழுதிவைப்பது அதற்குத் தடை அல்ல.

எதுவும் செய்யாமல் இருந்த வீடுகளுக்கு நோட்டீஸ் இறந்தவரின் பெயரிலேயே வருவதுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இதற்குத் தெளிவான சான்று. கணவர் இறந்து ஆண்டுகள் கழித்து, அவர் பெயருக்கே மறுமதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பப்பட்டது. அது தெரியவந்த பிறகு துறை மனைவியின் பக்கம் திரும்பியபோது, அதற்கான கெடு முடிந்திருந்தது. இறந்தவர் பெயரில் பிறப்பித்த நோட்டீஸ் செல்லாது என்றும், இறப்பைத் துறைக்குத் தெரிவித்தே தீர வேண்டும் என்று வாரிசுகளுக்குச் சட்டத்தில் கடமை விதிக்கப்படவில்லை என்றும் 2018இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை நம்பி நோட்டீஸைக் குப்பையில் போடுவது தவறான பாடம். கெடு முடியாமல் இருந்தால் துறை வாரிசின் பெயரில் புதிதாக அனுப்பலாம். இறப்புச் சான்றிதழை இணைத்து உடனே பதில் போடுவதே சரி.

நோட்டீஸ்கள் இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும் கைப்பேசிக்கும்தான் வருகின்றன. ஆகவே கணவரின் சிம்மையும் மின்னஞ்சலையும் ரிட்டர்ன்கள் முடியும்வரை விட்டுவிடக் கூடாது. ரீசார்ஜ் செய்யாத எண் சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும். வங்கிக் கணக்கை மூடும் அவசரமும் வேண்டாம். ரீஃபண்ட் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று இணையதளத்தில் சரிபார்க்கப்பட்ட பிறகே பழைய கணக்கைத் தொடுவது நல்லது. மூடிய கணக்குக்கு அனுப்பிய ரீஃபண்ட் தோல்வியுற்றுத் திரும்பிவிடும்.

பான் எண்ணை ஒப்படைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. மதிப்பீட்டு அலுவலருக்கு இறப்புச் சான்றிதழோடு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், ஆனால் ரீஃபண்ட் இரண்டும் வந்து சேர்வதற்கு முன்னால் கொடுத்துவிட்டால் வேலை பாதியில் நிற்கும். பாஸ்புக் நகல்கள், பென்சில் குறிப்பு போட்ட பட்டியல், சலான், ஐடிஆர்-யு ஒப்புகை ஆகியவற்றைக் குறைந்தது 2027 ஜூன் முடியும்வரை ஒரே கட்டாக வைத்திருக்க வேண்டும். ரீஃபண்ட் விண்ணப்பங்களின் நகல்களை, பணம் வரும் வரைக்கும் தனியாக வைத்திருந்தால் போதும்.